முறிந்த ஸ்டட்டை விடுவிப்பது எது?

நான்கு சிலிண்டர் டீசல் இன்ஜினின் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைக் கழற்றும்போது ஓரத்து ஸ்டட் ஒன்று முறிந்துபோவது பட்டறைகளில் அடிக்கடி நடக்கும் சங்கதி. நட்டோடு பாதி கையில் வந்துவிடும். மீதி சிலிண்டர் ஹெட்டுக்குள் மரையோடு மரையாக இறுகிக் கிடக்கும். அதை எடுக்க இரண்டு வழிகளைச் சொல்வார்கள். ஒன்று, துருவை இளக்கும் எண்ணெயை ஊற்றிக் காத்திருப்பது. மற்றொன்று, முறிந்த முனையின் மேல் ஒரு நட்டை வெல்டிங் வைத்து ஸ்பேனரால் திருப்புவது. முன்னது துருவைத் தளர்த்துகிறது, பின்னது பிடிக்க ஒரு கைப்பிடி தருகிறது என்பதே பொதுவான எண்ணம். உண்மையில் தளர்த்தும் வேலையில் பெரும்பங்கு வெல்டிங்குக்குத்தான். நட் கைப்பிடி என்பதைவிட முக்கியமாக, ஸ்டட்டுக்குள் வெப்பம் இறங்கும் வாசல். எண்ணெயின் முறை அதற்குப் பிறகே வருகிறது. இந்த வரிசையைப் புரிந்துகொண்டால், வெல்டிங் இரண்டு முறை விட்டுப்போன பின்பு மூன்றாம் முறை ஸ்டட் ஏன் சுலபமாகத் திரும்புகிறது என்பதும் விளங்கும்.

ஓரத்து ஸ்டட் முறிவதற்குக் காரணம் நீளவாக்கில் நடக்கும் விரிவு. மேனிஃபோல்டும் ஹெட்டும் வார்ப்பிரும்பு என்றே வைத்துக்கொள்வோம். இன்ஜின் உழைக்கும்போது ஹெட்டைக் குளிர்நீர் ஏறக்குறைய 100 டிகிரியில் வைத்திருக்க, மேனிஃபோல்ட் 500 டிகிரியைத் தொடலாம். வார்ப்பிரும்பு ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, சுமார் 0.011 மில்லிமீட்டர் நீளும். 45 சென்டிமீட்டர் நீள மேனிஃபோல்ட், தான் உட்கார்ந்திருக்கும் ஹெட்டைவிட ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் அதிகம் நீள்கிறது; ஒவ்வொரு ஓரத்திலும் 1 மில்லிமீட்டர். துளைகளைச் சற்றுப் பெரிதாக விட்டிருப்பது இதற்காகத்தான். ஆனால் அந்த இடைவெளியில் துருவும் கரியும் அடைத்துக்கொண்டால், ஒவ்வொரு முறை சூடாகி ஆறும்போதும் மேனிஃபோல்ட் ஓரத்து ஸ்டட்டைப் பக்கவாட்டில் வளைக்கிறது. ஆயிரக்கணக்கான முறை வளைந்து நிமிர்ந்த இரும்பில், பெரும்பாலும் மரை தொடங்கும் பள்ளத்தில், மயிரிழை விரிசல் விழுகிறது. அதே காலத்தில் மரைகளுக்கு இடையே ஈரமும் சூடும் மாறிமாறிப் புகுந்து துருவை வளர்க்கின்றன. இரும்பு துருவாகும்போது முன்பிருந்ததைப்போல் இரு மடங்கோ அதற்கு மேலோ இடம் கேட்கும். மூடிய மரை இடுக்கில் அந்த இடம் கிடைக்காததால் துரு தன்னைத்தானே இறுக்கிக்கொண்டு, இரு பக்கமும் ஆப்பு அறைந்ததுபோல் நிற்கிறது. முறிந்த துண்டின் மேல் இனி நட்டின் இழுவிசை கிடையாது. அதைப் பிடித்து வைத்திருப்பது துரு மட்டுமே.

எண்ணெயால் இதைத் தளர்த்த முடியாதா? நல்ல ஊடுருவும் எண்ணெய் மிகவும் நீர்த்தது. நுண்ணிய இடுக்குகளுக்குள் நுண்புழை விசையால் தானாக ஏறும். இடுக்கு இருந்தால்தான் ஏறும். இங்கோ இடுக்கைத் துருவே நிரப்பியிருக்கிறது. முதல் நாள் இரவு எண்ணெய் அடித்துவிட்டுக் காலையில் வந்தால் கழன்றுவிடும் என்பது பலரின் அனுபவம், அது பொய்யல்ல. ஆனால் அப்படிக் கழன்றவை பெரும்பாலும் வெளியே தெரியும் நட்டுகள். நட்டுக்கு இரு முகமும் திறந்திருப்பதால் எண்ணெய் இரு பக்கமிருந்தும் புகும், மரையின் ஆழமும் குறைவு. ஹெட்டுக்குள் முறிந்த ஸ்டட்டோ மறுமுனை அடைபட்ட துளைக்குள் 20, 25 மில்லிமீட்டர் ஆழம் இறங்கியிருக்கிறது. எண்ணெய்க்குக் கிடைப்பது மேலே உள்ள ஒரு வளையக் கோடு மட்டும். அதுவும் இடுக்கில் எண்ணெய் ஏறும் தூரம் நேரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது: இரு மடங்கு ஆழம் போக நான்கு மடங்கு நேரம் வேண்டும். ஆகவே முன்கூட்டி எண்ணெய் விடுவதில் தவறில்லை, மேல் மரைகள் நனையும். அதையே மருந்தாக நம்பி ஸ்டட்டின் மேல் பலத்தைக் காட்டுவதுதான் தவறு.

வெல்டிங் செய்வதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். ஸ்டட் 10 மில்லிமீட்டர் தடிமன். வெல்டிங் முடிந்த கணத்தில் அதன் மேற்பகுதி சுற்றியுள்ள ஹெட்டைவிட 400 டிகிரி அதிகச் சூட்டில் இருப்பதாகக் கொள்வோம். கட்டற்று இருந்தால் அதன் விட்டம் ஏறக்குறைய 0.05 மில்லிமீட்டர் பெருக வேண்டும், அதாவது அரை சதவீதம். ஆனால் குளிர்ந்த வார்ப்பிரும்புச் சுவர் அதைப் பெருக விடாது. ஸ்டட்டுகளுக்கு வழக்கமான 8.8 ரக எஃகு, மீண்டு வரும்படி தாங்கக்கூடிய அமுக்கம் குளிர்ந்த நிலையிலேயே சுமார் 0.3 சதவீதம்தான், சூட்டில் இன்னும் குறையும். எனவே ஒன்று, இடையில் உள்ள துரு நொறுங்க வேண்டும். அல்லது ஸ்டட்டே நிரந்தரமாகச் சற்று ஒடுங்கி, திறந்திருக்கும் மேற்பக்கம் நீள வேண்டும். எது நடந்தாலும் பலன் ஒன்றுதான். ஆறும்போது ஸ்டட் பழைய அளவைவிடச் சிறுத்து, துருவின் பிடியிலிருந்து விலகுகிறது. முன்பு இல்லாத இடுக்கு இப்போது பிறக்கிறது. எண்ணெய்க்கு வேலை வருவது இந்த நேரத்தில்தான்.

சூடு என்றால் கேஸ் டார்ச்சால் ஹெட்டையே சுட்டால் போதாதா என்று கேட்கலாம். ஹெட் அலுமினியமாக இருந்தால் அதில் பொருள் உண்டு. அலுமினியம் எஃகைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு விரியும், துளை தளரும். வார்ப்பிரும்பு ஹெட்டில் துளையும் ஸ்டட்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு விரிகின்றன. இரண்டும் ஒன்றாகச் சூடேறினால் கிடைக்கும் லாபம் மிகச் சொற்பம். தேவைப்படுவது சூடு அல்ல, சூட்டின் வித்தியாசம். உள்ளிருப்பது கொதிக்க, வெளியிருப்பது குளிர்ந்திருக்க வேண்டும். வெல்டிங் ஆர்க் அதைத்தான் தருகிறது. இவ்வளவு சூட்டில் ஹெட் வளைந்துவிடாதா என்ற அச்சத்துக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. 100 ஆம்பியர், 20 வோல்ட், 10 வினாடி என்றால் மொத்தம் 20 கிலோஜூல். 40 கிலோ எடையுள்ள வார்ப்பிரும்பு ஹெட் அத்தனையையும் வாங்கிக்கொண்டாலும் அதன் சராசரி வெப்பநிலை ஏறக்குறைய ஒரு டிகிரிதான் உயரும். சில பத்து கிராம் எடையுள்ள ஸ்டட் துண்டுக்கும் நட்டுக்கும் அதே வெப்பம் சிவக்கச் செய்யப் போதுமானது.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது: உருகிய உலோகம் ஹெட்டின் மேல் வழிந்து ஒட்டிக்கொள்வது. ஒட்டினால் ஸ்டட் திரும்பாது. அந்த இடத்து வார்ப்பிரும்பு விரைவாக ஆறிக் கண்ணாடிபோல் கடினமாகி வெடிக்கவும் கூடும். அதனால் முதலில் ஸ்டட்டின் முகத்தின் நடுவில் மட்டும் மிக் வெல்டிங்கால் ஒரு சிறு மேடு கட்டி, அதைச் சுற்றி ஒரு வாஷரை வைத்து, மேட்டை வாஷரோடு இணைக்க வேண்டும். பிறகு வாஷரின் மேல் ஒரு சைஸ் பெரிய நட்டை, இங்கே 12 மில்லிமீட்டர் நட்டை, வைத்து அதன் துளை வழியாக அடியிலிருந்து சுற்றிச் சுற்றி நிரப்பிக்கொண்டு வர வேண்டும். ஆர்க் நட்டின் விளிம்பில் அல்ல, ஸ்டட்டின் நடுவில் தொடங்க வேண்டும். விளிம்பில் தொடங்கினால் நட் உருகி, ஸ்டட் குளிர்ந்தே கிடக்கும். துத்தநாக முலாம் பூசிய நட் நச்சுப் புகையும் ஓட்டை வெல்டிங்கும் தரும். கறுப்பு நட்தான் வேண்டும். முன்பே விட்டிருந்த எண்ணெயை அசிட்டோனால் துடைத்து, முழுதும் உலர விட்டுத்தான் ஆர்க்கைத் தொட வேண்டும். குளோரின் கலந்த பிரேக் கிளீனரை இதற்குத் தொடவே கூடாது. அதன் ஆவி ஆர்க்கில் சிதைந்து பாஸ்ஜீன் என்ற உயிர்க்கொல்லி வாயு ஆகும். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, எர்த் கிளாம்பை ஸ்டட்டுக்கு அருகில் ஹெட்டிலேயே மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் மின்னோட்டம் பேரிங்குகள் வழியாகப் பாதை தேடும்.

வெல்டிங் முடிந்ததும் ஸ்பேனரை எடுக்கக் கூடாது. சிவப்பு மறைந்து, ஸ்டட் சிறுக்கும் வரை பொறுக்க வேண்டும். நன்றாக ஆறி, கை வைத்தால் வெதுவெதுப்பாகத் தெரியும்போது எண்ணெய் விடலாம். அதற்கு முன் விட்டால் தீப்பிடிக்கக்கூடும். எண்ணெய்க்குப் பதிலாக, தண்ணீர் கொதிக்கும் சூட்டளவில் மெழுகுவர்த்தியை ஸ்டட்டின் ஓரத்தில் அழுத்துவோரும் உண்டு. உருகிய மெழுகும் அதே இடுக்கில்தான் ஏறுகிறது. பிறகு முதலில் இறுக்கும் பக்கம் சற்று, அடுத்துக் கழற்றும் பக்கம் சற்று என்று ஆட்ட வேண்டும். கையில் கிடைக்கும் உணர்வே இங்கே அளவுகோல். நட் கொஞ்சம் திரும்பி, ஸ்பேனரை விட்டதும் ரப்பர்போல் பழைய இடத்துக்கே வந்தால், மரை நகரவில்லை; ஸ்டட்தான் முறுக்குகிறது. இந்த அளவுள்ள நல்ல ஸ்டட்டே சுமார் 65 நியூட்டன் மீட்டரில் முறுகி முறிந்துவிடும்; துரு அரித்த ஸ்டட் அதற்கும் முன்பே முறியும். அங்கேயே நிறுத்தி மறுபடியும் சூடாக்க வேண்டும். மாறாக, கீச்சென்று ஒலித்து, திரும்பிய இடத்திலேயே நின்றால் மரை விட்டுக்கொடுத்திருக்கிறது. சிறிதுசிறிதாக முன்னும் பின்னும் ஆட்டி, பழுப்புத் துருப்பொடி எண்ணெயோடு கசிந்து வருவதைப் பார்த்துக்கொண்டே எடுக்கலாம்.

வெல்டிங் அறுந்து நட் மட்டும் கையோடு வந்தால் அதைத் தோல்வியாக எண்ண வேண்டியதில்லை. பத்து வினாடியில் வெப்பம் எஃகுக்குள் ஓரிரு சென்டிமீட்டர்தான் இறங்கும், அதற்குள் சுவருக்கும் ஒரு பகுதி கசிந்துவிடும். அதனால் முதல் முறை விடுபடுவது மேல் மரைகள் மட்டும். அடுத்த முறை வெல்டிங் வைக்கும்போது அந்த மரைகளில் சுவரோடு தொடுகை குறைந்திருப்பதால் சூடு இன்னும் ஆழம் போகும். கைப்பிடி உடைந்திருக்கலாம், தளர்த்தும் வேலை நடந்தேயிருக்கிறது. நட்டின் முதல் பணி கைப்பிடியாக இருப்பது என்றால் இந்த முன்னேற்றத்துக்கு விளக்கமே கிடைக்காது.

ஸ்டட்டின் நடுவில் துளையிட்டு ‘ஈசி அவுட்’ போடுவது எளிதல்லவா என்பது இன்னொரு கேள்வி. அந்தக் கருவி ஆப்புபோல் உள்ளே இறுகி ஸ்டட்டை வெளிப்புறம் விரிக்கிறது. ஏற்கெனவே இறுகியதை இன்னும் இறுக்குகிறது. துளைக்குள் நுழைய வேண்டியதால் ஸ்டட்டைவிட மெலிந்தும் இருக்கிறது. ஸ்டட்டே தாங்காமல் முறிந்த இடத்தில் அது முறிந்தால், சாதாரண ட்ரில் பிட் தொட முடியாத கடின எஃகு துளைக்குள் அடைத்துக்கொள்ளும். நட் வழிக்கும் எல்லை உண்டு. ஹெட்டின் முகத்துக்கு ஐந்தாறு மில்லிமீட்டருக்குக் கீழே ஸ்டட் முறிந்திருந்தால் வெல்டிங் மேடு கட்டும்போதே மரைச் சுவரில் ஒட்டிவிடும். அப்போது நடுமையம் தவறாமல் வழிகாட்டிப் புஷ் வைத்துத் துளையிடுவதே பாதுகாப்பு.

ஸ்டட் வெளியே வந்ததும் மரைகளைச் சுத்தம் செய்து புது ஸ்டட் போடுவதோடு வேலை முடிந்ததாகக் கருதக் கூடாது. கழற்றிய மேனிஃபோல்டின் முகத்தில் நேர்கோலை வைத்து அடியில் ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்க்க வேண்டும். முகம் வளைந்திருந்தாலோ ஓரத்துத் துளைகள் கரியால் அடைபட்டிருந்தாலோ, அதே 1 மில்லிமீட்டர் விரிவு புது ஸ்டட்டையும் வளைக்கத் தொடங்கும். முகத்தைச் சமன் செய்து, துளைகளைத் துப்புரவாக்கி, மரையில் சூடு தாங்கும் ஆன்ட்டி-சீஸ் பசை பூசிப் பொருத்தினால்தான் முறிவுக்கான காரணத்தையும் சேர்த்து எடுத்ததாகும்.