வெந்நீர் ஏன் தாமதமாக வருகிறது?

மதுரையில் வைகையின் வடகரையில் இருக்கிறது செல்லூர். நெசவுக்குப் பெயர்பெற்ற பகுதி. இங்குள்ள பல தெருக்களில் மனைகள் குறுகலானவை. ஆகவே வீடுகள் பின்புறமாக நீண்டும், மேல்நோக்கி வளர்ந்தும் நிற்கின்றன. இப்படிப்பட்ட ஒரு மாடி வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். மொட்டை மாடியில் 100 லிட்டர் சூரிய வெந்நீர்க் கலம். மேகமூட்டமான நாளுக்கென்று அதனுள்ளேயே 2 கிலோவாட் மின்சூடேற்றி. குளியலறைகள் இரண்டு, ஒன்று மாடியில், மற்றொன்று கீழ்த்தளத்தின் பின்கோடியில்.

காலையில் கீழே ஒருவர் வெந்நீர்க் குழாயைத் திறக்கிறார். ஒரு நிமிடத்திற்கு மேலாகியும் குளிர்ந்த நீரே வருகிறது. "நேற்று வெயில் போதவில்லை போலிருக்கிறது" என்று மின்சூடேற்றியைப் போட்டுவிடுகிறார். ஆனால் மேலே கலத்தில் 55 பாகை செல்சியஸ் வெந்நீர் இருக்கிறது! குற்றம் சூரியனுடையது அன்று, குழாயினுடையது. எப்படி என்று கணக்கிட்டுப் பார்ப்போமா?

கலத்திலிருந்து கீழ்க் குளியலறை வரை குழாயின் நீளம் 15 மீட்டர் என்போம். ஒரு அங்குலக் குழாயின் உள்விட்டம் ஏறத்தாழ 25 மில்லிமீட்டர். உருளையின் கன அளவு πr²l என்று நீங்கள் படித்திருக்கிறீர்கள். அதன்படி இக்குழாயில் நிற்கும் நீர் 7.4 லிட்டர். நிமிடத்திற்கு 6 லிட்டர் வீதம் திறந்துவிட்டால், இந்தப் பழைய நீர் வெளியேறவே 74 விநாடி ஆகும்.

இத்துடன் முடிந்ததா? இல்லை. குளித்து முடித்துக் குழாயை மூடும்போது, உள்ளே 7.4 லிட்டர் வெந்நீர் சிறைப்பட்டு நிற்கிறது. மூடப்படாத குழாயில் அது ஒரு மணி நேரத்திற்குள் பெரும்பாலும் ஆறிவிடும். நான்கு பேர் நீண்ட இடைவெளி விட்டுக் குளித்தால், 100 லிட்டரில் ஏறத்தாழ 30 லிட்டரின் வெப்பம் யாருக்கும் பயன்படாமல் போகிறது.

1909-ல் கலிபோர்னியாவில் வில்லியம் பெய்லி என்பவர், வெயிலில் காயும் பகுதியையும் நீரைச் சேமிக்கும் கலத்தையும் தனித்தனியே பிரித்து, கலத்தை வெப்பம் எளிதில் கடத்தாத பொருளால் மூடினார். அதனால்தான் பகலில் சுட்ட நீர் மறுநாள் காலை வரை சூடாயிருக்க முடிந்தது. நமது கலமும் அவ்வாறே போர்வை போர்த்தியிருக்கிறது. குழாய்க்குத்தான் போர்வை இல்லை!

குழாய்க்கும் நுரைப்பொருள் உறை போடலாம். அடுத்தடுத்துக் குளிப்பவர்களுக்கு அது உதவும். ஆனால் இரவு முழுவதும் நிற்கும் நீரை அதனால் காக்க முடியாது. ஏனெனில் மெல்லிய குழாயில் நீர் குறைவு, வெப்பம் வெளியேறும் பரப்போ அதிகம். ஆகவே முதலில் குறைக்க வேண்டியது குழாயில் நிற்கும் நீரைத்தான். கன அளவு ஆரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது அல்லவா? விட்டத்தைப் பாதியாக்கி அரை அங்குலக் குழாய் போட்டால் நீர் கால் பங்காகிவிடும். அதாவது 1.8 லிட்டர்; காத்திருக்கும் நேரம் 18 விநாடி.

அப்படியானால் எங்கும் மெல்லிய குழாயே போடலாமா? கூடாது. குழாய் மெலிய மெலிய உராய்வு மிக விரைவாகப் பெருகுகிறது. விட்டம் பாதியானால், அதே அளவு நீரைச் செலுத்த ஏறத்தாழ 30 மடங்கு அழுத்தம் செலவாகும். நமது 15 மீட்டர் அரை அங்குலக் குழாயில், நிமிடத்திற்கு 6 லிட்டர் ஓட, ஏறத்தாழ 1 மீட்டர் நீர்மட்ட உயரம் உராய்வில் செலவாகிறது.

இங்கே நீரைத் தள்ளுவது எது? வெந்நீர்க் கலத்திற்கு நீர் ஊட்டும் தண்ணீர்த் தொட்டியின் மட்டம்தான். அது மொட்டை மாடித் தளத்திலிருந்து 2 மீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். கீழ்க் குளியலறைப் பூவாளிக்கு 6 மீட்டர் உயரம் கிடைக்கிறது. அதில் 1 மீட்டர் போனால் பாதகமில்லை. மாடிக் குளியலறைப் பூவாளிக்கோ 3 மீட்டர்தான். அங்கே அழுத்தத்தை வீணாக்கக் கூடாது. ஆகவே முக்கால் அங்குலக் குழாய் நல்லது. அந்தக் குழாயின் நீளம் 5 மீட்டரே என்பதால், அதில் நிற்கும் நீர் 1.4 லிட்டர்தான். ஆக, தொலைவில் உள்ள அறைக்கு மெல்லிய குழாய், அருகில் உள்ள அறைக்குப் பருத்த குழாய்! இரண்டையும் கலத்திலிருந்தே தனித்தனியாக இறக்கிவிட வேண்டும். எல்லாவற்றிற்கும் பொதுவாக ஒரே பருத்த குழாயை இறக்குவதுதான் வழக்கமான பிழை.

குழாய் செல்லும் வழியிலும் கவனம் தேவை. கலத்தை விட்டபின் அது மட்டமாகவோ, சரிந்தோ இறங்க வேண்டும். கைப்பிடிச் சுவரின்மேல் ஏறி மறுபுறம் இறங்கக் கூடாது. நீர் சூடாகும்போது அதில் கரைந்துள்ள காற்று வெளிப்படும். அது அந்த மேட்டில் தங்கி, சிறிய அழுத்தத்தில் ஓடும் நீரைத் தடுத்துவிடும். எனவே சுவரைத் துளைத்து வெளியே கொண்டுவருவதே முறை. சாதாரண பி.வி.சி. குழாய் கோடைக்கால வெந்நீரில் இளகி வளையும். வெந்நீருக்கு ஏற்ற சி.பி.வி.சி. குழாய்தான் தேவை.

இனி மின்சூடேற்றிக்கு வருவோம். கலத்திலுள்ள 100 லிட்டரையும் 25 பாகை உயர்த்த 2,500 கிலோகலோரி வேண்டும். அது ஏறத்தாழ 2.9 யூனிட் மின்சாரம். ஒரு வாளிக் குளியலுக்கு 20 லிட்டர் நீரை 28-லிருந்து 40 பாகைக்கு உயர்த்தினால் போதும், அதற்கு 0.28 யூனிட். மழைக்கால மாதங்களில் கீழே ஒருவர் மட்டும் குளிப்பதானால், கீழ்க் குளியலறையிலேயே ஒரு சிறு சூடேற்றி வைப்பது சிக்கனம். அங்கே குழாய் இழப்பும் இல்லை. ஆனால் சூரியக் கலத்தின் வெந்நீரை அதனுள் செலுத்துவதானால், எந்த வெப்பநிலை வரை அது தாங்கும் என்று அறிந்த பிறகே செலுத்த வேண்டும்.

மேலுள்ள சூடேற்றியைப் போடுவதானால் குளிப்பதற்குச் சற்று முன்பு போட வேண்டும். எல்லோரும் குளித்த பிறகும் அதை விட்டுவைத்தால், காலையில் புதிதாக வந்த நீரை மின்சாரமே சுடவைத்துவிடும். பகலில் சூரியனுக்கு வேலை மிஞ்சாது.

உங்கள் உறவினர் வீட்டில் இந்தச் சாதனம் இருந்தால் ஒரு சோதனை செய்து பாருங்கள். குழாயின் நீளத்தையும் உள்விட்டத்தையும் கேட்டறிந்து, அதனுள் நிற்கும் நீரைக் கணக்கிடுங்கள். மறுநாள் காலை முதன்முதலாகக் குழாயைத் திறந்து, வெந்நீர் வரும்வரை வரும் நீரை வாளியில் பிடித்து அளந்து பாருங்கள். கணக்கைவிடச் சற்று அதிகமாகவே இருக்கும். ஏனெனில் குழாயின் சுவரும் சூடேற வேண்டும். மூன்று, நான்கு மடங்கு வந்தால் வேறு கோளாறு இருக்கிறது. பெரியவர் ஒருவரைக் கொண்டு, கலத்தின் வெந்நீர் வெளிவழி வால்வை மூடச் செய்து, கீழே வெந்நீர்க் குழாயைத் திறந்து பாருங்கள். குழாயில் இருந்த நீர் வடிந்து நின்றுவிட வேண்டும். நிற்காமல் வந்துகொண்டே இருந்தால், வீட்டில் ஏதோ ஒரு கலவைக் குழாயின் வழியாகக் குளிர்ந்த நீர் வெந்நீர்ப் பாதைக்குள் புகுகிறது என்று பொருள். முதலில் அதைச் சரிசெய்யுங்கள். வாளியில் பிடித்த நீரைக் கொட்டிவிடாதீர்கள். வெந்நீரை விளாவ அதுவே பயன்படும்.