அறிக்கையும் மெய்ப்புத் திருத்தமும்

மெய்ப்புத் திருத்துதல் என்றவுடன் ஒற்றுப்பிழை, எழுத்துப்பிழை, நிறுத்தக்குறிப் பிழை ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. கதைக்கும் கட்டுரைக்கும் அவ்வளவு பார்த்தால் பெரும்பாலும் போதும். ஆனால், மென்பொருள் உருவாக்கும் குழு ஒன்று வாரந்தோறும் எழுதும் பணிநிலை அறிக்கையில் ஓர் எழுத்துப்பிழைகூட இல்லாமலேயே பொய்யான செய்தி இடம்பெற்றுவிடக்கூடும். அதை எழுதியவர் பொய் சொல்லும் எண்ணம் உடையவர் அல்லர். ஒரு காலவிகுதியோ ஒரு விழுக்காடோ ஓர் எண்ணோ வேறு பொருள் தந்துவிடுகிறது. அதைக் கண்டறிவது எவ்வாறு என்பதை ஓர் எடுத்துக்காட்டின் வழியே காண்போம்.

நூலகம் ஒன்றுக்கு நூல் வழங்கும் மென்பொருளை ஒரு குழு உருவாக்குகிறது எனக் கொள்வோம். ஏப்ரல் 1 முதல் பழைய கையெழுத்துப் பதிவேட்டை நிறுத்திவிட்டுக் கணினிக்கு மாறலாமா என்பதை நூலகர் முடிவு செய்ய வேண்டும். அவருக்குக் கிடைக்கும் சான்று இந்த அறிக்கை ஒன்றே. மார்ச் 14 அன்று குழு எழுதிய வரைவு பின்வருமாறு:

1. உறுப்பினர் பதிவுப் பக்கம் முடிந்தது, LIB-12.
2. நூல் தேடும் பகுதி 80% முடிந்துவிட்டது.
3. ஔகாரச் சொற்களைத் தேடினால் நூல் கிடைக்காத பிழை சரிசெய்யப்படுகிறது, LIB-31.
4. தாமதக் கட்டணக் கணக்கு விடுமுறை நாள்களைக் கழிக்கும்.
5. பழைய பதிவேட்டைக் கணினியில் ஏற்றும் பணி ஏறக்குறைய நிறைவடைகிறது, lib 27.
6. #31 மூடப்பட்டது.

LIB-12, LIB-31 என்பன பணிச்சீட்டுகளின் பெயர்கள். மென்பொருள் குழுவினர் ஒவ்வொரு சிறு வேலையையும் ஒவ்வொரு பிழையையும் தனித்தனிச் சீட்டாகப் பதிவு செய்து எண் இடுவர். பேச்சில் அதனை 'டிக்கெட்' என்பர். LIB என்பது திட்டத்தின் குறி. சிறுகோட்டுக்குப் பின் வருவது வரிசை எண். இந்தப் பெயரைக் கொண்டு அந்த வேலையின் முழு வரலாற்றையும் திரையில் எடுத்துப் பார்க்கலாம்.

மெய்ப்புத் திருத்துபவர் முதலில் சீட்டுப் பெயர்களைப் பார்ப்பது நல்லது. அவற்றைச் சரிபார்த்த பின்னரே மற்ற வரிகளை மூலத்தோடு ஒப்பிட முடியும். கணினியின் தேடல் வசதியில் LIB- என்று தேடினால் முதல் வரியும் மூன்றாம் வரியும் மட்டுமே அகப்படும். lib 27, #31 ஆகிய இரண்டும் தப்பிவிடும். எனவே குறியைத் தேடாமல், அறிக்கையில் உள்ள இலக்கங்கள் அனைத்தையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணால் காண வேண்டும். இதற்கு ஐந்து நிமிடங்களுக்கு மேல் ஆகாது.

lib 27 என்பதை LIB-27 எனத் திருத்துவது எளிது. ஆயினும், அச்சீட்டைத் திறந்து, அது பதிவேட்டை ஏற்றும் பணியைப் பற்றியதுதானா என்று பார்த்த பின்னரே திருத்த வேண்டும். #31 அவ்வளவு எளிதன்று. மூன்றாம் வரியில் LIB-31 இருப்பதால், இரண்டும் ஒன்றே என எண்ணி #31 என்பதை LIB-31 என்று மாற்றிவிட நம் கை துடிக்கும். மாற்றிவிட்டால் ஔகாரப் பிழை தீர்ந்துவிட்டதாக நூலகர் படிப்பார். உண்மையில் நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்ஹப் போன்ற தளங்களிலும் # என்ற குறியுடன் எண்கள் வழங்கப்படுகின்றன. அங்கே ஒரு நிரல் மாற்றத்தை முன்மொழிந்தாலும் அதற்கு ஓர் எண் கிடைக்கும். எழுதியவரைக் கேட்டபோது, #31 என்பது பக்கத்தின் வண்ணத்தை மாற்றலாம் என்ற ஒரு முன்மொழிவு என்றும், வேண்டாம் எனக் கைவிடப்பட்டது என்றும் தெரிந்தது. ஔகாரப் பிழைக்கும் அதற்கும் தொடர்பே இல்லை; எண் மட்டும் தற்செயலாக ஒத்திருந்தது.

'மூடப்பட்டது' என்ற சொல்லும் இவ்விடத்தில் கவனத்திற்கு உரியது. சீட்டு மூடப்படுவதற்குக் காரணங்கள் பல. பிழை தீர்ந்திருக்கலாம், அதே பிழைக்கு முன்பே வேறொரு சீட்டு இருந்திருக்கலாம், திருத்தத் தேவையில்லை என முடிவெடுத்திருக்கலாம். பக்ஸில்லா என்னும் பிழைப்பதிவு மென்பொருளில் இக்காரணங்களைத் தனித்தனியே குறிக்கவே இடம் உண்டு. ஆகவே முடிந்தது, நிறைவு, மூடப்பட்டது, சரிசெய்யப்பட்டது என நான்கு சொற்கள் ஓர் அறிக்கையில் கலந்து வந்தால், அவை அழகுக்காக மாற்றி எழுதிய ஒருபொருட் பன்மொழிகளா, நான்கு வேறு நிலைகளா என்று படிப்பவருக்கு விளங்காது. கட்டுரையில் ஒரே சொல் மீண்டும் மீண்டும் வந்தால் ஆசிரியர் சுழித்து விடுவார். அறிக்கையிலோ ஒரே நிலைக்கு ஒரே சொல் வருவதுதான் சரி.

அடுத்து, காலம். 'அறிக்கை முழுவதும் ஒரே காலத்தில் இருக்க வேண்டும்' எனச் சிலர் விதி செய்வர். அது தவறு. 'நிரல் எழுதி முடிந்தது, சோதனை நடைபெறுகிறது, மார்ச் 20 அன்று சோதனை முடியும்' என்ற தொடரில் மூன்று காலங்களும் வருகின்றன, மூன்றும் தத்தம் இடத்தில் பொருந்தியே உள்ளன. நிலைநாள் ஒன்றை வைத்துக்கொண்டு, இங்கே மார்ச் 14, அதற்கு முன் முடிந்தது இறந்தகாலத்திலும், அன்று நடந்துகொண்டிருப்பது நிகழ்காலத்திலும், இனி நடக்கவிருப்பது நாளுடன் கூடிய எதிர்காலத்திலும் அமைந்துள்ளனவா என்று பார்க்க வேண்டும். காலங்கள் கலந்து வருவது பிழையன்று. செயல் நிகழ்ந்த காலமும் வினைமுற்றின் காலமும் வேறுபடுவதே பிழை.

மூன்றாம் வரியை இந்த நோக்கில் பார்ப்போம். 'சரிசெய்யப்படுகிறது' என்பது இலக்கணப்படி குற்றமற்றது. சென்ற வார அறிக்கையை எடுத்து அருகில் வைத்தால்தான் ஐயம் பிறக்கும். அதிலும் இதே தொடர், ஓர் எழுத்தும் மாறாமல் இருக்கிறது. வார அறிக்கைகள் பெரும்பாலும் பழைய அறிக்கையைப் படியெடுத்து, அதன்மேல் திருத்தியே எழுதப்படுகின்றன. திருத்த மறந்த வரி நிகழ்காலத்திலேயே நின்றுவிடும். LIB-31 சீட்டைத் திறந்தால், திருத்தம் மார்ச் 12 அன்றே எழுதப்பட்டுச் சோதனையாளரிடம் சென்றிருப்பது தெரிகிறது. இந்தப் பிழை தமிழுக்கே உரிய ஒன்று. 'ஔ' என்பது கணினிக்கு ஒரே குறியீடு. 'ஒ' எழுதி அருகில் 'ள' எழுதினால் அது இரண்டு குறியீடு. பல எழுத்துருக்களில் கண்ணுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவே தோன்றும். தேடும் நிரலுக்கு அவை வேறு.

நான்காம் வரியில் உள்ள சிக்கல் இதனினும் நுட்பமானது. 'கழிக்கும்' என்பது செய்யும் என்னும் வாய்பாட்டு முற்று. அது நிகழ்காலத்தையும் எதிர்காலத்தையும் உணர்த்தக்கூடியது என்பதை இலக்கணத்தில் படித்திருக்கிறோம். 'கதிரவன் கிழக்கே உதிக்கும்' என்பதில் வழக்கமாக நிகழ்வதையும், 'நாளை மழை பெய்யும்' என்பதில் வரவிருப்பதையும் அதே முற்று காட்டுகிறது. அப்படியானால், விடுமுறை நாள்களைக் கழித்துக் கட்டணம் கணக்கிடும் திறன் மென்பொருளுக்கு இன்றே இருக்கிறதா, இனிமேல்தான் வருமா? மென்பொருள் அறிக்கைகளில் இம்முற்று மிகுதியாக வருவதால் ஒவ்வோர் இடத்திலும் நின்று இக்கேள்வியை எழுப்ப வேண்டியுள்ளது. திருத்துபவர் தாமே விடையை ஊகித்து 'கழிக்கிறது' என்றோ 'இனிக் கழிக்கும்' என்றோ எழுதிவிடக் கூடாது. ஓரத்தில் ஒரு கேள்விக்குறி இட்டுக் கேட்பதே முறை. குழுவின் விடை: அந்நிரல் இன்னும் எழுதப்படவில்லை, LIB-40 என்ற சீட்டு மட்டுமே உள்ளது. இப்போதைய நிலையில் மென்பொருள், நூலகம் பூட்டியிருந்த நாளுக்கும் வாசகரிடம் தண்டம் கேட்கும்.

இனி, விழுக்காடு. 80% என்ற எண்ணைக் கண்டால் கேட்க வேண்டியது, 'எதில் 80%?' என்பதே. நூல் தேடும் பகுதிக்கு 10 சீட்டுகள் இருந்தன, 8 முடிந்தன, ஆகவே 80% என்றார் எழுதியவர். கணக்குச் சரி. ஆனால், முடிந்த 8 சீட்டுகளுக்கு ஆனது 12 வேலைநாள். எஞ்சிய LIB-34, LIB-35 ஆகிய இரண்டுக்கும் 9 வேலைநாள் தேவை எனக் குழுவே மதிப்பிட்டிருக்கிறது. நாள் கணக்கில் பார்த்தால் 21-இல் 12, அதாவது ஏறத்தாழ 57%. இரண்டு எண்களும் உண்மை. எதனால் வகுத்தோம் என்பதில்தான் வேறுபாடு. இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. சென்ற வாரம் மொத்தச் சீட்டுகள் 8, முடிந்தவை 7, ஆகவே 87.5%. இவ்வாரம் ஒரு சீட்டு முடிந்தும், புதிதாக இரண்டு சேர்ந்ததால் 80% ஆகிவிட்டது. வேலை முன்னேறியிருக்க, எண் பின்வாங்கியிருக்கிறது. அறிக்கைகளைத் தொடர்ந்து படிக்கும் நூலகர் இதைக் கண்டு குழம்பாமல் என்ன செய்வார்?

ஐ.பி.எம். நிறுவனத்தின் ஓஎஸ்/360 மென்பொருள் உருவாக்கத்துக்குத் தலைமை தாங்கிய ஃபிரெட் புரூக்ஸ், 1975-இல் வெளியிட்ட தம் நூலில் இத்தகைய விழுக்காடுகளைப் பற்றிக் கேலியாகக் குறிப்பிடுகிறார். நிரல் எழுதும் காலத்தில் பாதி, 90 விழுக்காடு முடிந்துவிட்டது என்ற பேச்சிலேயே கழியும் என்பது அவர் கண்ட அனுபவம். முடிந்ததா இல்லையா என்று ஐயமின்றிச் சொல்லத்தக்க மைல்கற்களை வைக்க வேண்டும் என்பது அவர் கூறும் வழி. ஆதலால் விழுக்காட்டை நீக்கி, 'பத்தில் எட்டு' என எண்ணிக்கையாக எழுதி, எஞ்சியது எது, அதற்கு எத்தனை நாள் என்பதையும் சேர்த்தால் நூலகருக்குப் பயன்படும்.

'ஏறக்குறைய நிறைவடைகிறது' என்ற ஐந்தாம் வரி, எண் இல்லாத விழுக்காடு. கேட்டபோது, 12,400 நூல்களில் 11,000 ஏற்றப்பட்டிருப்பது தெரிந்தது. எஞ்சிய 1,400 நூல்களுக்குப் பழைய பதிவேட்டில் ஒரே வரிசை எண் இரண்டு நூல்களுக்கு இடப்பட்டிருந்ததால், அலமாரிக்குச் சென்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியிருந்தது. அதற்கு எத்தனை நாள் ஆகும் என்ற கேள்விக்குக் குழுவிடம் விடை இல்லை. விடையில்லாத இடத்தில் ஒரு நாளைப் புனைந்து நிரப்புவது மெய்ப்புத் திருத்துபவரின் வேலையன்று.

திருத்தப்பட்ட அறிக்கை நூலகருக்கு இவ்வாறு சென்றது:

மார்ச் 14 அன்றைய நிலை
1. உறுப்பினர் பதிவுப் பக்கம் (LIB-12) முடிந்தது.
2. நூல் தேடும் பகுதியின் 10 சீட்டுகளில் 8 முடிந்தன. எஞ்சிய LIB-34, LIB-35 ஆகியவற்றுக்கு 9 வேலைநாள் தேவை என மதிப்பிட்டுள்ளோம். இவ்வாரம் 2 சீட்டுகள் புதிதாகச் சேர்ந்தன.
3. ஔகாரச் சொற்களைத் தேடுவதில் இருந்த பிழைக்குத் திருத்தம் (LIB-31) மார்ச் 12 அன்று எழுதப்பட்டது, சோதனை நடைபெறுகிறது.
4. தாமதக் கட்டணத்தில் விடுமுறை நாள்களைக் கழிக்கும் நிரல் (LIB-40) இன்னும் எழுதப்படவில்லை. இப்போது அந்நாள்களுக்கும் கட்டணம் கணக்கிடப்படுகிறது.
5. பழைய பதிவேட்டின் 12,400 நூல்களில் 11,000 ஏற்றப்பட்டன (LIB-27). எஞ்சிய 1,400 நூல்களின் வரிசை எண்களை நேரில் சரிபார்க்க வேண்டும். முடியும் நாள் இன்னும் மதிப்பிடப்படவில்லை.

ஆறாம் வரி நூலகருக்குத் தேவையற்றது என்பதால் எழுதியவரின் இசைவுடன் நீக்கப்பட்டது. ஐந்தாம் வரியைப் படித்த நூலகர், பழைய பதிவேட்டை ஏப்ரல் 1-க்குப் பின்னும் மேசையிலேயே வைத்திருக்குமாறு பணியாளர்களிடம் கூறினார்.