ஆறு நகர்ந்தால் நாடும் நகருமா?

அமெரிக்காவின் எல் பாசோ நகருக்கு மேற்கே, ரியோ கிராண்டே ஆற்றங்கரையில் ஓர் எல்லைத் தூண் நிற்கிறது. அதன் எண் 1. மெக்ஸிகோவையும் அமெரிக்காவையும் பிரிக்கும் எல்லை அந்த இடத்தில் குணம் மாறுகிறது. தூணுக்குக் கிழக்கே மெக்ஸிகோ வளைகுடா வரை, ஏறக்குறைய 2,000 கிலோமீட்டருக்கு, ஆறுதான் எல்லை. மேற்கே பசிபிக் கடல் வரை, நடுவில் கொலராடோ ஆற்றின் ஒரு சிறு துண்டு தவிர, பாலைவனத்தின் குறுக்கே மனிதர்கள் இழுத்த நேர்கோடுகள்தாம்.

இயற்கை எல்லை, செயற்கை எல்லை என்று பள்ளியில் படிக்கிறோம். மலையும் ஆறும் கடவுளே போட்டுவைத்த வேலி என்றும், நேர்கோடு யாரோ மேசையில் உட்கார்ந்து ஸ்கேல் வைத்துக் கிழித்தது என்றும் நமக்கு ஓர் எண்ணம் உண்டு. ஆகவே ஆற்றெல்லையில் சண்டை குறைவாக இருக்கும் என்று தோன்றும். எல் பாசோவில் நடந்தது நேர்மாறு.

முதலில் நேர்கோட்டின் கதை. எந்த எல்லையும் இரண்டு கட்டங்களில் பிறக்கிறது. ஒப்பந்தத்தில் எல்லையைச் சொற்களால் எழுதுவார்கள். பிறகு அளவையாளர்கள் களத்துக்குப் போய் அந்தச் சொற்களைத் தரையில் ஊன்றுவார்கள். 1853-இல் எழுதப்பட்ட ஒப்பந்தம், ஆற்றிலிருந்து அட்சரேகை 31 பாகை 47 கலையில் மேற்கே 100 மைல் போ, அங்கிருந்து தெற்கே 31 பாகை 20 கலைக்கு இறங்கு, மறுபடி மேற்கே போ என்றது. அளவையாளர்கள் இரவில் நட்சத்திரங்களைப் பார்த்து அட்சரேகையைக் கணித்து, கற்களை நட்டார்கள். பிழைகள் நேரத்தான் செய்தன. அதற்கு முந்தைய 1848 ஒப்பந்தத்தோடு இணைத்திருந்த வரைபடம் எல் பாசோவை உண்மையான இடத்துக்கு ஏறக்குறைய அரைப் பாகை வடக்கே காட்டியது. அதனால் எழுந்த பெரும் தகராறைத் தீர்க்கவும் 1853 ஒப்பந்தம் தேவைப்பட்டது. நட்ட கற்கள் போதாமல், 1890-களில் மறு அளவை செய்து தூண்களை 258 ஆக்கினார்கள். அதன்பின் கோடு அசையவில்லை. செயற்கை எல்லையின் பிழை வரைபடத்தில் இருக்கிறது. ஒரு முறை திருத்தினால் திருந்திவிடும்.

ஆற்றைப் பற்றி 1848 ஒப்பந்தம் எழுதியது சுருக்கம்: ஆற்றின் நடுவே, ஒன்றுக்கு மேற்பட்ட கிளை இருந்தால் ஆழமான கிளை வழியே. 1852-இல் இரு நாட்டு அளவையாளர்களும் ஆறு ஓடிய தடத்தை வரைந்துகொண்டார்கள். அந்த ஆறு நகர்ந்தால் என்ன செய்வது என்று யாரும் எழுதிவைக்கவில்லை.

சமவெளியில் வண்டல் மண் மீது ஓடும் எந்த ஆறும் நேராக ஓடாது. வளைவின் வெளிப்பக்கம் நீர் வேகமாக மோதிக் கரையை அறுக்கும். உட்பக்கம் வேகம் குறைந்து மணலும் வண்டலும் படியும். ஒரு கரை தேயத் தேய, எதிர்க்கரை வளரும். ஆறு முழுவதுமே பக்கவாட்டில் நகர்கிறது. வளைவு முற்றி வளையமாகிவிட்டால், ஒரு பெருவெள்ளத்தில் ஆறு அதன் கழுத்தை வெட்டிக்கொண்டு குறுக்கே பாய்ந்து, பழைய தடத்தைக் கைவிட்டுவிடும். முதல் வகை மாற்றத்தை ஒரு தலைமுறை கழித்துத்தான் கவனிப்போம். இரண்டாவது ஒரே இரவில் நடக்கும். கொள்ளிடக் கரையில் படுகை நிலம் வைத்திருப்பவர்களுக்கு இந்த இரண்டுமே பழக்கமானவை.

எல் பாசோவுக்கும், இன்று ஹுவாரெஸ் எனப்படும் மெக்ஸிகோ நகருக்கும் நடுவே ரியோ கிராண்டே 1852-க்குப் பிறகு தெற்கு நோக்கி நகரத் தொடங்கியது. 1864-இல் பெருவெள்ளம் வந்தது. மெக்ஸிகோ கரை பாளம் பாளமாகச் சரிந்தது. மரங்களும் வீடுகளும் சேர்ந்து போனதாகப் பின்னாளில் சாட்சிகள் சொன்னார்கள். 1873 வாக்கில், மெக்ஸிகோவின் பக்கம் இருந்த சாமிசால் என்ற பகுதியில் ஏறக்குறைய 600 ஏக்கர், ஆற்றுக்கு வடக்கே, எல் பாசோவை ஒட்டிக் கிடந்தது. அங்கே அமெரிக்கர்கள் குடியேறி வீடு கட்டினார்கள். 1890-களில் பெத்ரோ கார்சியா என்ற மெக்ஸிகர், அது தன் குடும்ப நிலம் என்று ஹுவாரெஸ் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்.

இதற்கிடையே, 1884-இல் இரு நாடுகளும் ஒரு விதியை ஒப்புக்கொண்டிருந்தன. ஆறு மெல்ல மெல்ல அரித்து நகர்ந்தால் எல்லையும் அதோடு நகரும். ஆறு திடீரென்று தடத்தை விட்டுப் புதுத் தடம் போட்டால், எல்லை பழைய தடத்திலேயே நிற்கும். உலகின் பல ஆற்றெல்லைகளுக்கும் அடிப்படை இதுதான். இதற்குப் பின்னால் நியாயமும் உண்டு. மெல்லத் தேயும் நிலத்தில் எந்த நாளில் எந்தப் பிடி மண் போனது என்று யாராலும் காட்ட முடியாது. ஒரே இரவில் எதிர்ப்பக்கம் போன நிலமோ, அடையாளம் மாறாமல், மரமும் வேலியுமாக அப்படியே கிடக்கிறது. அது இன்னாருடையது என்று ஊரே சொல்லும்.

சாமிசாலின் சங்கடம் என்னவென்றால், அது இரண்டிலும் சேரவில்லை. ஆறு தடம் தாவவில்லை, கரையை அரித்துத்தான் நகர்ந்தது. ஆனால் அதை 'மெல்ல' என்று சொல்ல முடியாது. எங்கள் பக்கம் மெல்ல வந்து சேர்ந்த நிலம் என்றது அமெரிக்கா. 1852-இல் வரைந்த கோடே நிரந்தர எல்லை, 1884 விதி அதற்கு முன் நடந்ததைத் தொடாது, தொட்டாலும் இது மெல்ல நடந்த மாற்றம் அல்ல என்றது மெக்ஸிகோ.

1910-இல் மூவர் நடுவர் மன்றம் அமைந்தது. அமெரிக்காவுக்கு ஆன்சன் மில்ஸ், மெக்ஸிகோவுக்கு பெல்த்ரான் இ புகா, தலைமையில் கனடாவின் சட்ட வல்லுநர் யூஜின் லாஃப்ளூர். 1852 கோடு நிரந்தரம் என்ற வாதத்தை மில்ஸோடு சேர்ந்து லாஃப்ளூர் ஒதுக்கினார். அடுத்த கேள்வியில் புகாவோடு சேர்ந்தார். 1852 முதல் 1864 வெள்ளம் வரை நடந்தது மெல்லிய அரிப்பு, அந்த நிலம் அமெரிக்காவுக்கு. 1864-க்குப் பிறகு கரை விழுந்த வேகத்தை மெல்லியது என்று சொல்லவே முடியாது, அந்த நிலம் மெக்ஸிகோவுக்கு. 1911 ஜூனில் தீர்ப்பு வந்தது. சாட்சியங்களை வைத்துப் பார்த்தால் நேர்மையான தீர்ப்பு என்பதே என் எண்ணம். ஆனால் அது சொன்ன எல்லை எங்கே? 1864 வெள்ளத்துக்கு முன்னால் ஆறு ஓடிய தடத்தின் நடுவில். அந்தத் தடத்தை அந்த ஆண்டில் யாரும் அளக்கவில்லை. இருந்த இடத்தின் மேல் ஆறு அரைநூற்றாண்டாகப் புரண்டிருந்தது. நிலத்தைப் பிரித்துக் கொடுக்க நடுவர்களுக்கு அதிகாரமில்லை, அந்தத் தடத்தைக் கண்டுபிடிக்கவும் முடியாது என்று சொல்லி அமெரிக்கா தீர்ப்பை நிராகரித்தது.

அதன்பின் அரைநூற்றாண்டு இழுபறி. பக்கத்திலேயே இன்னொரு முடிச்சும் விழுந்திருந்தது. வெள்ள அபாயத்தைக் குறைக்க 1899-இல் இரு அரசுகளும் சம்மதித்து ஒரு வளைவைக் குறுக்கே வெட்டின. விதிப்படி எல்லை பழைய தடத்தில் நின்றது. கோர்டோவா தீவு என்று பெயர் பெற்ற மெக்ஸிகோ நிலம், 386 ஏக்கர், ஆற்றுக்கு வடக்கே எல் பாசோவுக்குள் நீட்டிக்கொண்டு நின்றது. பெயர்தான் தீவு, அதற்கும் எல் பாசோவுக்கும் நடுவே இருந்தது வறண்டுபோன தடம். கடத்தல்காரர்களுக்கு அது வசதியாகிவிட்டது.

1962-இல் அமெரிக்க அதிபர் கென்னடியும் மெக்ஸிகோ அதிபர் லோபஸ் மத்தேயோஸும் சந்தித்துப் பேசினார்கள். 1963 ஆகஸ்டில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அது பழைய ஆற்றைத் தேடவில்லை. ஆறு எங்கே ஓட வேண்டும் என்று வரைபடத்தில் குறித்து, அங்கே கான்கிரீட் கால்வாய் கட்டி, ஆற்றை அதற்குள் விடுவது என்று முடிவானது. செலவில் ஆளுக்குப் பாதி. அமெரிக்கா பக்கமிருந்து சாமிசாலில் 366 ஏக்கரும், கோர்டோவாவுக்குக் கிழக்கே 264 ஏக்கரும் மெக்ஸிகோவுக்குப் போயின. கோர்டோவாவின் வடபாதி 193 ஏக்கர் அமெரிக்காவுக்கு வந்தது. 1968 டிசம்பரில் ஆறு புதுக் கால்வாயில் திரும்பியது. இயற்கை எல்லை என்று தொடங்கியது, அந்த ஏழு கிலோமீட்டர் நீளத்துக்கு நேர்கோட்டைப் போலவே மனிதர் கட்டிய ஒன்றாக ஆனது.

அந்த நிலத்தில் அப்போது 5,000-க்கும் அதிகமானோர் குடியிருந்தார்கள். பெரும்பாலோர் மெக்ஸிகோ வம்சாவளி அமெரிக்கர்கள். வீடுகளுக்கு அரசு விலை கொடுத்தது. ஆனால் தெருவும் அக்கம்பக்கமும் கலைந்தன. இந்த ஒப்பந்தத்தை ராஜதந்திர வெற்றி என்று எழுதும் பலர் இவர்களை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. 1848-இல் எழுதாமல் விட்ட ஒரு வாக்கியத்தின் விலையை, அப்போது பிறந்தே இராதவர்கள் கொடுத்தார்கள்.

ஆறு நகர்வது மட்டுமே சிக்கல் அல்ல. ஆப்பிரிக்காவில் சோபே ஆற்றின் நடுவிலுள்ள கசிகிலி திட்டை போட்ஸ்வானாவும் நமீபியாவும் உரிமை கோரின. 1890-இல் பிரிட்டனும் ஜெர்மனியும் 'முதன்மைக் கிளையின் மையம்' என்று எழுதிவைத்திருந்தன. திட்டின் இருபுறமும் ஓடும் கிளைகளில் எது முதன்மை? ஆழம், அகலம், நீரோட்டம் எல்லாவற்றையும் ஆராய்ந்து, வடக்குக் கிளையே முதன்மை என்று 1999-இல் சர்வதேச நீதிமன்றம் சொன்னது; திட்டு போட்ஸ்வானாவுக்குப் போனது. நம் வடக்கே, 1816-இல் நடைமுறைக்கு வந்த சுகௌலி ஒப்பந்தம் காளி ஆற்றை நேபாளத்தின் மேற்கு எல்லை என்றது. அந்த ஆறு எந்த ஓடையில் பிறக்கிறது என்பதில்தான் காலாபானி தகராறு இன்றும் நிற்கிறது. தேசப் பிரிவினைக்குப் பின் முர்ஷிதாபாத், ராஜ்ஷாகி மாவட்டங்களுக்கு நடுவே கங்கை நகர்ந்தால் எல்லையும் நகருமா என்ற கேள்வி, ஸ்வீடன் நீதிபதி பாகே தலைமையிலான மன்றத்துக்குப் போனது. 1950-இல் முடிவு சொன்ன அந்த மன்றத்தில் இந்தியாவின் உறுப்பினர், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த என்.சந்திரசேகர ஐயர்.

ரியோ கிராண்டேயின் எல்லைப் பகுதியில் பெரும்பாலான நீளம் இன்றும் மண் கரைக்குள்தான் ஓடுகிறது. அதற்காக 1970-இல் இரு நாடுகளும் இன்னொரு ஒப்பந்தம் எழுதின. மெல்ல அரித்தால் எல்லை ஆற்றின் நடுவோடு போகும் என்ற பழைய விதி தொடர்கிறது. ஆறு திடீரெனத் தாவிச் சிறு நிலத்தைத் துண்டித்தால், நிலத்தை இழந்த நாடு மூன்றாண்டுக்குள் தன் செலவில் ஆற்றைப் பழைய தடத்துக்குத் திருப்பலாம். திருப்பாவிட்டால் நிலம் அடுத்த நாட்டுக்குப் போய்விடும். அதன் பரப்பளவு இழந்த நாட்டின் கணக்கில் வரவு வைக்கப்படும். பிறகு வேறோர் இடத்தில் ஆறு எதிர்த்திசையில் தாவும்போது, அந்த வரவைக் கொண்டு நேர்செய்துகொள்ளலாம்.