பணியிடத்தில் திக்கிப் பேசுவதைக் கேலி செய்தல்: பதிவு செய்யும் முறையும் மாற்று ஏற்பாடு கோரும் முறையும்

சொல்ல வேண்டியது மனத்தில் தெளிவாக இருந்தும் அதைத் தடையின்றி ஒலிக்க இயலாத நிலையே திக்குவாய் ஆகும். முதல் ஒலி திரும்பத் திரும்ப வரலாம். ஓர் ஒலி நீண்டு நிற்கலாம். வாய் திறந்தும் ஓசை எழாமல் அடைபடலாம். வயது வந்தோரில் ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு இது உண்டு. அறிவுக்குறைவோ கூச்ச சுபாவமோ இதற்குக் காரணமன்று. தனியே வாசிக்கும்போது சரளமாகப் பேசும் ஒருவர், தொலைபேசியில் தம் பெயரைச் சொல்லத் திணறுவது இந்நிலையின் இயல்பு. உடன் பணிபுரிவோர் இந்த ஏற்ற இறக்கத்தைக் கண்டே "வேண்டுமென்று செய்கிறார்" என்று தவறாக முடிவு செய்கின்றனர். (இதுவரை நன்றாகப் பேசி வந்தவருக்குத் திடீரெனப் பேச்சு குழறினால் அது திக்குவாயன்று, பக்கவாதமாக இருக்கலாம். உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.)

கேலியால் திக்குதல் குறைவதில்லை. பேச்சைத் தவிர்க்கும் பழக்கமே வளர்கிறது. அடைபடும் என்று அஞ்சும் சொல்லை விட்டு வேறு சொல்லைத் தேடுவார். பிறகு வாக்கியத்தைச் சுருக்குவார். இறுதியில் பேசாமலே இருந்துவிடுவார். பணியிடத்தில் இதன் விளைவு பிறர் கண்ணுக்கும் தெரியும். எனவே பதிவு செய்யும்போது மனவருத்தத்தோடு இந்த விளைவையும் எழுத வேண்டும்.

குறிப்பேட்டில் எழுத வேண்டியவை

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். தாம்பரம் சானடோரியம் மெப்ஸ் வளாகத்தில் உள்ளதைப் போன்ற ஒரு தனியார் ஏற்றுமதித் தொழிற்கூடத்தில் ஓர் இளைஞர் தரப் பரிசோதகராக உள்ளார் என்று கொள்வோம். ஷிப்டு மாறும்போது, பழுதான பொருள்களின் எண்ணிக்கையை அனைவர் முன்னிலையிலும் அவர் வாய்மொழியாகச் சொல்ல வேண்டும். ஒருவர் அவரைப் போலவே திக்கிக் காட்டுகிறார், மற்றவர்கள் சிரிக்கின்றனர். "என்னை அடிக்கடி கேலி செய்கிறார்கள்" என்று மட்டும் அவர் எழுதினால், விசாரிப்பவருக்கு அதில் பிடிப்பதற்கு எதுவும் இருக்காது. அவர் எழுத வேண்டியது இப்படி இருக்கும்:

"மார்ச் 4, பிற்பகல் 2.05, இரண்டாம் வரிசை மேசை அருகில். நான் 'பதினாறு' என்று சொல்லத் தொடங்கியபோது சக பணியாளர் (பெயர்) 'ப-ப-ப-பதினாறு' என்று உரக்கச் சொன்னார். மேற்பார்வையாளரும் ஏறத்தாழ பன்னிரண்டு பேரும் இருந்தனர். அருகில் நின்றவர்கள் (இருவர் பெயர்). நிறுத்தும்படி கேட்டேன், 'சும்மா தமாஷ்' என்றார். அதன் பின் நான் மீதி இரண்டு பழுதுகளைச் சொல்லவில்லை, 2.40-க்கு எழுதிக் கொடுத்தேன்."

சொன்ன சொல்லைச் சொன்னபடியே எழுதியிருப்பதையும், கடைசி வாக்கியத்தையும் கவனிக்க. இரண்டு பழுதுகள் தாமதமாகத் தெரிவிக்கப்பட்டது நிறுவனத்திற்கும் பொருட்படுத்தத்தக்க செய்தி. பதிவை அன்றைய தினமே, பக்க எண்ணிட்ட சொந்தக் குறிப்பேட்டில் எழுதுவது நல்லது. அலுவலகக் கணினியில் மட்டும் வைத்திருந்தால், இடமாற்றமோ பணிநீக்கமோ நேரும் நாளில் அது கைக்கு எட்டாது. வாட்ஸ்அப் குழுவில் கேலியாகக் குரல் பதிவு வந்திருந்தால், அனுப்பியவர் எண்ணும் நேரமும் தெரியும்படி திரைப்படம் எடுத்து வைப்பதோடு மூலப் பதிவையும் கைபேசியிலிருந்து நீக்காமல் காக்க வேண்டும்.

கேலி பற்றிய புகாரும் மாற்று ஏற்பாட்டுக் கோரிக்கையும் தனித்தனியே

இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதுவது பலரும் செய்வது. அப்போது நிர்வாகம் இருவரையும் அழைத்துச் சமாதானம் பேசி, கோப்பை முடித்துவிடுகிறது. மாற்று ஏற்பாட்டுக் கோரிக்கைக்கு விடையே கிடைப்பதில்லை. ஆகவே இரண்டு கடிதங்கள் எழுதுக. இரண்டிற்கும் பெறப்பட்டதற்கான கையொப்பமோ மின்னஞ்சல் சான்றோ பெறுக.

மாற்று ஏற்பாட்டுக் கடிதம் குறிப்பான ஒரு பணியையும் ஒரு வழியையும் சொல்ல வேண்டும். மேற்கண்ட இளைஞர், எண்ணிக்கையைப் பலகையில் எழுதி வைத்துவிட்டு, ஐயம் கேட்டால் மட்டும் வாய்மொழியாக விளக்க அனுமதி கோரலாம். பேசியே ஆக வேண்டிய கூட்டத்தில் முதலாவதாகப் பேச வாய்ப்புக் கேட்கலாம். தம் முறைக்காகக் காத்திருக்கும் நேரமே பலருக்கு அடைப்பை மிகுவிக்கிறது. தம் வாக்கியத்தைப் பிறர் முடித்து வைக்க வேண்டாம் என்பதையும் சேர்க்கலாம். ஆறு வாரம் நடைமுறைப்படுத்திப் பார்த்து மறுபரிசீலனை செய்யலாம் என்று நாள் குறித்தால், மறுப்பதற்கு நிர்வாகத்திற்குக் காரணம் குறையும்.

மருத்துவச் சான்றில் ஓர் எச்சரிக்கை தேவை. "தொலைபேசிப் பணிக்குத் தகுதியற்றவர்" என்று எழுதப்பட்ட சான்று, பிற்காலத்தில் பதவி உயர்வை மறுக்கப் பயன்படக்கூடும். "பணியைச் செய்ய இயலும், வாய்மொழி அறிக்கைக்குக் கூடுதல் நேரமோ எழுத்து வடிவமோ தேவை" என்று இயலுமையைக் குறிக்கும் சான்றையே கேட்டுப் பெறுக. அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் இதற்கான மதிப்பீட்டைத் தொடங்கலாம். தென்சென்னைப் புறநகரில் உள்ளோருக்கு, முட்டுக்காட்டில் உள்ள பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனமும் எட்டும் தொலைவில் உள்ளது.

சட்டம் தருவதும் அதன் எல்லையும்

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் அட்டவணை, பேச்சு மற்றும் மொழிக் குறைபாட்டை உடற்கூறு அல்லது நரம்பியல் காரணங்களால் ஏற்படும் நிரந்தரக் குறைபாடு என்று வரையறுக்கிறது. குரல்வளை அகற்றத்தையும் மூளைப் பாதிப்பால் வரும் பேச்சிழப்பையும் எடுத்துக்காட்டாகக் கூறுகிறது. சிறுவயது முதல் வரும் திக்குவாய்க்கு இதன்கீழ் 40 விழுக்காட்டுச் சான்று கிடைப்பது எளிதன்று. அதனால் உரிமையே இல்லை என்று பலர் விட்டுவிடுகின்றனர். விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் அளித்த தீர்ப்பு இங்கு முக்கியமானது. எழுதும்போது கை இறுகும் நிலை உடைய அவருக்கு, 40 விழுக்காடு இல்லை என்பதைக் காட்டி குடிமைப் பணித் தேர்வில் எழுத்தர் உதவி மறுக்கப்பட்டது. நியாயமான மாற்று ஏற்பாட்டிற்கு அந்த விழுக்காடு முன்நிபந்தனையன்று என்று நீதிமன்றம் கூறியது. அது எழுத்துத் தேர்வு பற்றிய வழக்கு. எனினும் திக்குபவர் தம் கடிதத்தில் அதைச் சுட்டிக் கோருவது பொருத்தமே.

அரசு அலுவலகமாயின், சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி நியமிக்கப்பட்ட குறைதீர்க்கும் அலுவலர் புகாரைப் பதிவேட்டில் ஏற்றி இரண்டு வாரத்திற்குள் விசாரிக்க வேண்டும். நிறைவு இல்லையெனில் மாவட்ட அளவிலான குழுவை அணுகலாம். தனியார் நிறுவனத்திற்கு இப்பிரிவு பொருந்தாது. ஆனால் 21-ஆம் பிரிவின்படி அதற்குச் சமவாய்ப்புக் கொள்கை இருக்க வேண்டும். எனவே மனிதவளப் பிரிவிற்கு எழுதும் கடிதத்தின் முதல் வரியிலேயே அக்கொள்கையின் நகலைக் கேட்கலாம். விடை இல்லையெனில் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் மனு அளிக்கலாம். ஆணையர் பரிந்துரை செய்தால், அதைப் பெற்றவர் மூன்று மாதத்திற்குள் எடுத்த நடவடிக்கையைத் தெரிவிக்க வேண்டும். ஏற்காவிட்டால் காரணம் கூற வேண்டும்.

பொதுப்பார்வைக்கு உட்பட்ட இடத்தில், இழிவுபடுத்தும் நோக்குடன் மாற்றுத்திறனாளியை வேண்டுமென்றே அவமதிப்பது 92(அ) பிரிவின்படி ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கத்தக்க குற்றம். இங்குதான் "அருகில் நின்றவர்கள்" என்ற வரி உதவுகிறது: பிறர் காண நடந்ததையும், நிறுத்தச் சொன்ன பின்னும் தொடர்ந்ததையும் அதுபோன்ற பதிவுகளே காட்டும். மூடிய வாட்ஸ்அப் குழு பொதுப்பார்வைக்கு உட்பட்டதா என்பதில் வாதம் எழலாம். ஆகவே நேரில் நடந்த நிகழ்வுகளையே முதன்மையாக வைக்க வேண்டும். காவல் நிலையத்திற்குச் செல்லும்போது குறிப்பேட்டின் நகலை அளித்து, மூலத்தையும் கைபேசியையும் தம்மிடமே வைத்துக்கொண்டு, மனு ஏற்புச் சீட்டைப் பெற்றே திரும்புக.