கிளேம் பணம் குறைவாக வந்ததா? விடுபட்ட தொகையே காரணத்தைச் சொல்லும்

வேலை நிமித்தமாக வெளியூர் போய்வந்து, டோல், பெட்ரோல், தங்கும் விடுதி என்று கைக்காசைச் செலவழித்துவிட்டு, பிறகு நிறுவனத்திடம் கிளேம் செய்பவர்கள் நம்மில் பலர் உண்டு. பழுதுபார்க்கும் தொழில்நுட்பர்கள், விற்பனைப் பிரதிநிதிகள், கட்டுமானத் தள மேற்பார்வையாளர்கள் போன்றவர்களுக்கு இது மாதாமாதம் நடக்கும் விஷயம்.

மாதக் கடைசியில் வங்கிக் கணக்கைப் பார்க்கும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது. கிளேம் செய்தது ஒரு தொகை, வந்தது வேறொரு தொகை. கிளேம் பணத்தைச் சம்பளத்தோடு சேர்த்து ஒரே தொகையாகப் போடும் நிறுவனங்களில் குழப்பம் இன்னும் அதிகம். எது சம்பளம், எது கிளேம், எங்கே குறைந்தது என்று தெரியாமல் பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். அதில் சில வேளைகளில் நமக்குச் சேர வேண்டிய பணமும் போய்விடுகிறது.

மூன்று தொகைகள், இரண்டு வித்தியாசங்கள்

ஒரு கிளேமில் மூன்று தொகைகள் உள்ளன. முதலாவது, நீங்கள் கேட்ட தொகை. இரண்டாவது, நிறுவனம் அங்கீகரித்த தொகை. மூன்றாவது, வங்கியில் வந்து சேர்ந்த தொகை. பலர் முதலாவதையும் மூன்றாவதையும் நேராக ஒப்பிடுகிறார்கள். அப்படிச் செய்தால் காரணம் பிடிபடாது.

கேட்டதற்கும் அங்கீகரித்ததற்கும் இடையே உள்ள வித்தியாசம் நிறுவனத்தின் விதிமுறையால் வருவது. அதை மேலதிகாரியிடம் கேட்க வேண்டும். அங்கீகரித்ததற்கும் வங்கியில் வந்ததற்கும் இடையே உள்ள வித்தியாசம் பிடித்தத்தால் வருவது. அதைக் கணக்குப் பிரிவிடமோ மனிதவளப் பிரிவிடமோ கேட்க வேண்டும். இரண்டையும் கலந்து கேட்டால், ஒருவர் மற்றவரைக் கைகாட்டிவிடுவார்.

ஓர் உதாரணம்

கிள்ளானில் வேலை செய்யும் தொழில்நுட்பர் ஒருவர் தம் சொந்தக் காரில் ஈப்போவுக்குச் சென்று, இரண்டு இரவு தங்கி வேலை முடித்துத் திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய அடிப்படைச் சம்பளம் 3,200 வெள்ளி. புறப்படும் முன் நிறுவனம் அவருக்கு 300 வெள்ளி முன்பணம் கொடுத்திருக்கிறது. அவர் சமர்ப்பித்த கிளேம் இது:

- கார் பயணம், 460 கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு 60 காசு: 276.00 வெள்ளி
- டோல்: 56.40 வெள்ளி
- தங்கும் விடுதி, இரண்டு இரவு, தலா 168 வெள்ளி: 336.00 வெள்ளி
- உணவுப்படி, மூன்று நாள், தலா 40 வெள்ளி: 120.00 வெள்ளி
- கார் நிறுத்தக் கட்டணம்: 12.00 வெள்ளி
- அவசரத்துக்கு வாங்கிய உதிரிப்பாகம்: 84.90 வெள்ளி

மொத்தம் 885.30 வெள்ளி. நிறுவனம் அங்கீகரித்ததோ 845.30 வெள்ளி. 40 வெள்ளி குறைந்துவிட்டது. காரணம் இரண்டு. அந்த நிறுவனத்தில் விடுதிக்கு ஓர் இரவுக்கு 150 வெள்ளிதான் வரம்பு. ஆகவே இரண்டு இரவுக்கு 36 வெள்ளி வெட்டப்பட்டது. கார் நிறுத்திய ரசீதுகளில் ஒன்று மங்கிப்போய் எழுத்தே தெரியவில்லை. அதற்கு 4 வெள்ளி போயிற்று.

இந்த 40 வெள்ளி முதல் வித்தியாசம். விடுதி வரம்பைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் ரசீது விஷயத்தைத் தவிர்க்கலாம். வெப்பத்தாளில் அச்சாகும் ரசீதுகள் காரின் சூட்டில் சில வாரங்களிலேயே வெளிறிவிடும். வாங்கிய உடனே கைப்பேசியில் படம் எடுத்து வைப்பது நல்லது. டோலுக்குத் தனி ரசீது இல்லாவிட்டாலும், டச் அண்ட் கோ கணக்கின் பரிவர்த்தனைப் பட்டியலைப் பதிவிறக்கி இணைக்கலாம்.

வங்கியில் எவ்வளவு வர வேண்டும்?

இப்போது 885.30 வெள்ளியை மறந்துவிடுங்கள். இனி கணக்கு 845.30 வெள்ளியிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஏற்கெனவே கையில் வாங்கிய முன்பணம் 300 வெள்ளியைக் கழித்தால், கிளேமுக்காக வர வேண்டியது 545.30 வெள்ளி.

சம்பளப் பக்கத்தைத் தனியாகப் போடுவோம். 3,200 வெள்ளிச் சம்பளத்துக்குத் தொழிலாளியின் 11 விழுக்காட்டு இபிஎஃப் சந்தா 352 வெள்ளி. சொக்சோவும் வேலைக் காப்புறுதியும் சேர்ந்து இந்தக் கணக்கில் 22.05 வெள்ளி. இவருக்கு மாதாந்திர வரிப்பிடித்தமான பிசிபி இல்லை. ஆக, கைக்கு வரும் சம்பளம் 2,825.95 வெள்ளி. அதோடு கிளேம் 545.30 வெள்ளியைக் கூட்டினால் வங்கியில் வர வேண்டியது 3,371.25 வெள்ளி.

ஆனால் வந்தது 3,269.95 வெள்ளி. 101.30 வெள்ளி குறைகிறது. வழக்கமாகச் சொல்லப்படும் பதில், "அதெல்லாம் பிடித்தம்" என்பதுதான். என்ன பிடித்தம்?

101.30 வெள்ளி எங்கே போனது?

சம்பளச் சீட்டைப் பார்த்தால் விடை கிடைக்கும். அதில் இபிஎஃப் 352 வெள்ளிக்குப் பதிலாக 447 வெள்ளி என்று இருக்கிறது. 95 வெள்ளி கூடுதல். சொக்சோவும் வேலைக் காப்புறுதியும் 22.05 வெள்ளியிலிருந்து 28.35 வெள்ளியாகிவிட்டன. 6.30 வெள்ளி கூடுதல். இரண்டையும் கூட்டினால் சரியாக 101.30 வெள்ளி.

நடந்தது இதுதான். கணக்குப் பிரிவில் சம்பள மென்பொருளில் கிளேமை ஏற்றும்போது, "செலவுத் தொகை திருப்பிக் கொடுத்தல்" என்ற பிரிவில் போடாமல், சந்தா பிடிக்கப்படும் "அலவன்ஸ்" பிரிவில் போட்டுவிட்டார்கள். மென்பொருளோ அவருடைய சம்பளம் 4,045.30 வெள்ளி என்று எடுத்துக்கொண்டு, அந்த முழுத் தொகைக்கும் சந்தாவைக் கணக்கிட்டுவிட்டது. இபிஎஃப் சந்தா அட்டவணைப்படி, சம்பளப் படிகளின் அடிப்படையில் கணக்கிடப்படுவதால் 845.30 வெள்ளியின் 11 விழுக்காடான 92.98 வெள்ளி அப்படியே வராமல் 95 வெள்ளி வருகிறது.

இது சரியல்ல. ஊழியர் நிறுவனத்துக்காகச் செய்த செலவை ரசீதின் பேரில் திருப்பிக் கொடுப்பது சம்பளம் ஆகாது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் சம்பளத்துக்குக் கொடுக்கும் விளக்கத்திலேயே, பயணப்படியும் வேலையின் தன்மையால் ஏற்படும் சிறப்புச் செலவுகளை ஈடுகட்டக் கொடுக்கப்படும் தொகையும் விலக்கப்பட்டிருக்கின்றன. இபிஎஃப் சட்டமும் பயணப்படியைச் சம்பளத்தில் சேர்ப்பதில்லை. மாறாக, வீட்டு அலவன்ஸ் போன்று மாதாமாதம் நிலையாகக் கொடுக்கப்படும் தொகைக்குச் சந்தா பிடிப்பது சரியே. பெயர் ஒன்றுபோல இருப்பதால்தான் இந்தத் தவறு நேர்கிறது.

"இபிஎஃப்பில்தானே போகிறது, நம் கணக்குத்தானே" என்று சிலர் நினைக்கலாம். ஆனால் அந்த 845 வெள்ளி நீங்கள் ஏற்கெனவே விடுதிக்கும் எண்ணெய்க்கும் கொடுத்த பணம். அதில் ஒரு பகுதி திரும்பாவிட்டால் அந்த மாதச் செலவில் துண்டு விழும். அதோடு, அந்தத் தொகை ஆண்டு இறுதியில் இஏ பாரத்தில் வருமானமாகவும் ஏறக்கூடும். சம்பளம் கூடுதலாக உள்ளவருக்கு அதனால் வரியும் கூடும்.

15ஆம் தேதிக்கு முன் சொல்லுங்கள்

ஒரு மாதச் சம்பளத்துக்கான இபிஎஃப், சொக்சோ சந்தாக்களையும் பிசிபியையும் முதலாளி அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் செலுத்த வேண்டும். அதற்கு முன் தவறைச் சுட்டிக்காட்டினால், கணக்குப் பிரிவு தொகையைத் திருத்திச் சரியான சந்தாவைச் செலுத்திவிட்டு, குறைந்த பணத்தை உங்களுக்குப் போட்டுவிடலாம். பணம் அந்த வாரியங்களுக்குப் போய்விட்ட பிறகு, திருத்தத்துக்கு முதலாளி தனியாக மனுச் செய்ய வேண்டிவரும். எனவே சம்பளம் ஏறிய அன்றே சம்பளச் சீட்டைப் பார்ப்பது பாதி வேலையை முடித்ததற்குச் சமம்.

வேறு தொகை குறைந்தால்?

இதே உதாரணத்தில், 3,071.25 வெள்ளி வந்திருந்தால் வித்தியாசம் சரியாக 300 வெள்ளி. அப்படியானால் முன்பணத்தை இரண்டு முறை கழித்துவிட்டார்கள். கிளேம் பாரத்தில் ஒரு முறை கழித்து நிகரத் தொகையை அனுப்பியிருப்பார்கள். அது தெரியாமல் சம்பளப் பிரிவில் இருப்பவர் "அட்வான்ஸ்" என்று மறுபடியும் கழித்திருப்பார்.

2,825.95 வெள்ளி, அதாவது வெறும் சம்பளம் மட்டும் வந்திருந்தால், உங்கள் கிளேம் அந்த மாதத்தின் கடைசித் தேதிக்குப் பிறகு அங்கீகரிக்கப்பட்டிருக்கலாம். அடுத்த மாதச் சம்பளத்தில் வரும். அதுவரை பொறுக்கலாம்.

ஆனால் 2,525.95 வெள்ளி வந்தால் பொறுக்க வேண்டாம். கிளேமை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டு, முன்பணத்தை மட்டும் இந்த மாதச் சம்பளத்தில் பிடித்திருக்கிறார்கள் என்று பொருள். அந்த 300 வெள்ளியை நீங்கள் நிறுவன வேலைக்கே செலவழித்துவிட்டீர்கள். இப்போது உங்கள் சம்பளத்திலிருந்தும் அது போகிறது. சம்பளத்திலிருந்து எதைப் பிடிக்கலாம் என்பதை வேலைச் சட்டத்தின் 24ஆவது பிரிவு வரையறுக்கிறது. முதலாளி நினைத்ததையெல்லாம் பிடித்துவிட முடியாது.

எப்படிக் கேட்பது?

"கிளேம் குறைவாக வந்திருக்கிறது, பார்க்கவும்" என்று மட்டும் எழுதினால் பதில் வரத் தாமதமாகும். தொகைகளோடு எழுதுங்கள். கிளேம் எண், அங்கீகரித்த தொகை 845.30 வெள்ளி, முன்பணம் 300 வெள்ளி, வர வேண்டியது 545.30 வெள்ளி, சம்பளச் சீட்டில் இபிஎஃப் 95 வெள்ளியும் சொக்சோ, வேலைக் காப்புறுதி 6.30 வெள்ளியும் கூடுதல் என்று நான்கைந்து வரியில் மின்னஞ்சல் அனுப்பினால் போதும். அங்கீகரித்த பாரம், சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கறிக்கையின் அந்தப் பக்கம் ஆகிய மூன்றையும் இணைத்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் கேட்டாலும், பிறகு ஒரு மின்னஞ்சலாவது இருக்க வேண்டும்.

நிறுவனத்திடம் பேசியும் தீராத சம்பளப் பிடித்தப் பிரச்சினையை, தீபகற்ப மலேசியாவில் வேலை செய்பவர்கள் ஆள்பல இலாகாவின் அருகிலுள்ள அலுவலகத்துக்கு எடுத்துச் செல்லலாம். அங்கும் அவர்கள் முதலில் கேட்பது இந்த ஆவணங்களைத்தான்.

பிப்ரவரி மாத இறுதிக்குள் முதலாளி கொடுக்க வேண்டிய இஏ பாரம் கைக்கு வந்ததும் இன்னொரு முறை பாருங்கள். ஆண்டுச் சம்பளத்தோடு கிளேம் தொகைகளும் சேர்ந்து வருமானமாகக் காட்டப்பட்டிருந்தால், வரிப் பாரத்தைச் சமர்ப்பிக்கும் முன் திருத்திய இஏ பாரத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.