கச்சேரி ஒலி கிழியாமல் பதிய

கைபேசியில் பதிவுசெய்த கச்சேரிப் பாட்டு கரகரவென்று கிழிந்து கேட்டால், முதலில் சந்தேகிக்க வேண்டியது கெயினை. மைக்கிலிருந்து வரும் ஒலியை எவ்வளவு பெருக்கிப் பதிய வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அதுதான். டிஜிட்டல் பதிவில் 0 டெசிபல்தான் உச்சவரம்பு. ஒலி அதைத் தாண்டினால் அலையின் உச்சி தட்டையாக வெட்டுப்பட்டுவிடும். வெட்டுப்பட்டதைப் பிறகு எடிட்டிங்கில் முழுமையாக மீட்க முடியாது.

சாதாரண ரெக்கார்டர்கள் பெரும்பாலும் பேச்சை மனதில் வைத்தே அமைக்கப்பட்டவை. அவை கெயினைத் தாமாகவே ஏற்றி இறக்கும். டிரம்ஸ் அடி விழுந்ததும் பாடகர் குரல் அமுங்கி, மறுநொடி மேலெழும். இதைத் தவிர்க்க, கெயினைக் கையால் மாற்றவும் மீட்டரில் அளவு பார்க்கவும் வசதியுள்ள செயலி தேவை. 2023-ல் ஐபோனுக்கும் 2024-ல் ஆண்ட்ராய்டுக்கும் இலவசமாக வந்த பிளாக்மேஜிக் கேமரா அப்படி ஒன்று.

திறந்த மைதானத்தில் நடக்கும் ஓர் இன்னிசைக் கச்சேரியை எடுத்துக்கொள்வோம். முதல் பாட்டு புல்லாங்குழலோடு மெல்லத் தொடங்குகிறது. மீட்டர் மைனஸ் 30-ஐத்தான் தொடுகிறது. பலரும் கெயினை ஏற்றுவது இங்கேதான். டிரம்ஸ் சேர்ந்ததும் மீட்டர் சிவப்பாகிவிடும். அதற்குப் பதிலாக, பாட்டு மிக உரத்து ஒலிக்கும் இடம்வரை காத்திருந்து, அங்கே உச்சம் மைனஸ் 12-ஐ ஒட்டி நிற்கும்படி கெயினை வைக்க வேண்டும்.

எஞ்சிய 12 டெசிபல் வீணாகாது. கச்சேரி களைகட்டும்போது மிக்சரில் இருப்பவர் ஒலியைக் கூட்டுவதுண்டு. பக்கத்தில் ஒருவர் விசிலடித்தாலே மீட்டர் மைனஸ் 3 வரை தாவக்கூடும். அவ்வளவையும் தாங்கத்தான் அந்த இடம்.

பதிவு மெலிதாகிவிடுமோ என்ற அச்சம் வேண்டாம். 16 பிட் பதிவில் உச்சவரம்புக்குக் கீழே ஏறத்தாழ 96 டெசிபல் இடமிருக்கிறது. கூட்டத்தின் சலசலப்பே மைக்கின் சொந்த இரைச்சலை மறைத்துவிடும். வீட்டுக்கு வந்து பார்க்கையில் உச்சம் மைனஸ் 9 என்றால், ஆடாசிட்டி போன்ற மென்பொருளில் 8 டெசிபல் கூட்டி மைனஸ் 1-க்குக் கொண்டுவரலாம்.

கெயினால் தீராத கோளாறு ஒன்று உண்டு. மீட்டர் மைனஸ் 15-ஐத் தாண்டவில்லை, ஆனாலும் பேஸ் விழும்போதெல்லாம் கரகரப்பு கேட்கிறது என்றால், கெயினுக்கு முன்பே மைக் திணறுகிறது என்று பொருள். கைபேசி மைக்குகள் பலவும் 120 முதல் 130 டெசிபல் ஒலியில் தடுமாறும். பெரிய ஸ்பீக்கர் அடுக்குக்கு நேர் எதிரே டிரம்ஸின் அடி அந்த அளவை எட்டிவிடும். அப்போது கெயினை எவ்வளவு குறைத்தாலும், கிழிந்த ஒலி சன்னமாகப் பதியுமே தவிர கிழிசல் போகாது. இடம் மாறுவதுதான் வழி. திறந்தவெளியில் ஸ்பீக்கரிலிருந்து தொலைவை இரட்டிப்பாக்கினால் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும். சுவர்கள் எதிரொலிக்கும் அரங்கில் அவ்வளவு குறையாது. புதிய இடத்தில் பத்து நொடி பதிவுசெய்து, ஹெட்போனில் கேட்டுப் பார்த்தால் அந்தத் தொலைவு போதுமா என்று தெரிந்துவிடும்.