கீ இல்லாமல் ஷாஃப்டைப் பிடிக்கும் புல்லி

சுழலும் ஷாஃப்டில் புல்லியையோ பல்சக்கரத்தையோ நிறுத்தி வைக்கப் பழைய வழி, இரண்டுக்கும் நடுவே ஒரு கீ போடுவது. ஷாஃப்டில் நீளவாக்கில் ஒரு பள்ளம், புல்லியின் துளையில் அதற்கு நேராக இன்னொரு பள்ளம், இரண்டிலும் பாதிப் பாதியாக உட்காரும் ஒரு சதுர இரும்புத் துண்டு. மலிவான, எளிய ஏற்பாடு. ஆனால் பள்ளம் வெட்டிய இடத்தில் ஷாஃப்ட் பலவீனமாகிவிடுகிறது. பள்ளத்தின் கூர்மையான மூலைகளில்தான் பெரும்பாலும் விரிசல் தொடங்கும். அடிக்கடி முன்னும் பின்னும் திரும்பும் எந்திரத்தில் வேறொரு தொல்லையும் உண்டு. கீயின் பக்கவாட்டில் மயிரிழை இடைவெளி இருந்தால் போதும், ஒவ்வொரு திருப்பத்திலும் அது சுத்தியலைப்போல் பள்ளத்தின் சுவரை அடித்து, நாளடைவில் இடைவெளியைப் பெரிதாக்கிவிடும்.

கீயை நம்பாமல் சுமையைக் கடத்தும் வழிகளில் மூன்று பட்டறைகளில் சாதாரணமாகக் காணப்படுபவை: டேப்பர் லாக் புஷ், சுருக்கிப் பொருத்துதல், ஸ்ப்லைன். முதல் இரண்டும் உராய்வால் பிடிப்பவை. மூன்றாவது பற்களால் பிடிப்பது. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டால், எங்கே எண்ணெய் தொடக்கூடாது, எங்கே கிரீஸ் இல்லாமல் ஓட்டக்கூடாது என்பது தானே விளங்கும்.

டேப்பர் லாக் புஷ் ஒரு குட்டையான இரும்பு உருளை. உள்துளை நேரானது, ஷாஃப்டின் அளவுக்குச் சரியாக இருக்கும். வெளிப்புறம் மட்டும் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சிறுத்துக்கொண்டே போகும். சரிவு ஒரு பக்கத்துக்கு சுமார் 4 பாகைதான். ஒரு பக்கம் நீளவாக்கில் பிளந்திருப்பதால் புஷ்ஷை இறுக்கினால் துளை சுருங்கும். புல்லியின் மையத்துளையும் அதே சரிவில் கடையப்பட்டிருக்கும். புஷ்ஷைப் புல்லிக்குள் தள்ளத் தள்ள அது ஆப்பு போல இறங்கி, உள்ளே ஷாஃப்டைக் கவ்வி, வெளியே புல்லியை விரிக்கப் பார்க்கும்.

தள்ளும் வேலையைச் செய்பவை சிறு கிரப் ஸ்க்ரூக்கள். புஷ்ஷும் புல்லியும் சந்திக்கும் விளிம்பில் சில துளைகள் இருக்கும். ஒவ்வொரு துளையிலும் பாதி புஷ்ஷில், பாதி புல்லியில். சில துளைகளில் புல்லியின் பாதியில் மட்டும் மரை இருக்கும். அங்கே போடும் ஸ்க்ரூ புல்லியைப் பற்றிக்கொண்டு புஷ்ஷை உள்ளே தள்ளும். ஒரு துளையில் மட்டும் இது தலைகீழ்: மரை புஷ்ஷில் இருக்கும். அங்கே ஸ்க்ரூவைத் திருகினால் புஷ் வெளியே வரும். கழற்றுவதற்கென்றே வைத்த துளை அது. சுத்தியலும் புல்லரும் இல்லாமல் ஓர் அலன் கீயால் புல்லியை மாட்டிக் கழற்ற முடிவது இந்த ஏற்பாட்டால்தான்.

புஷ்ஷின் முகத்தில் பொறித்த எண்ணில் அளவே இருக்கிறது. 1610 என்றால் முதல் இரண்டு இலக்கம் அதிகபட்சத் துளை 1.6 அங்குலம் என்றும், அடுத்த இரண்டு நீளம் 1.0 அங்குலம் என்றும் சொல்கின்றன. 2517 என்றால் 2.5 அங்குலத் துளை, 1.7 அங்குல நீளம்.

இந்தச் சின்ன ஸ்க்ரூக்கள் ஒரு மோட்டாரின் முறுக்கத்தை எப்படித் தாங்கும்? 7.5 குதிரைத்திறன், அதாவது 5.5 கிலோவாட் மோட்டார் ஒன்று நிமிடத்துக்கு 1440 சுற்று ஓடுகிறது. ஷாஃப்ட் 38 மில்லிமீட்டர் விட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். அது தரும் முறுக்கம் சுமார் 36 நியூட்டன் மீட்டர். ஷாஃப்டின் மேற்பரப்பில் பார்த்தால் ஏறத்தாழ 200 கிலோ எடைக்குச் சமமான விசை அது. மோட்டார் கிளம்பும் கணத்தில் இதைப்போல் இரண்டரை மடங்கு வரலாம், 500 கிலோ. புல்லி வழுக்காமல் நிற்க உராய்வு இதைத் தாண்ட வேண்டும்.

இதற்குப் போடும் 1610 புஷ்ஷில் இரண்டு ஸ்க்ரூக்கள். ஒவ்வொன்றையும் 20 நியூட்டன் மீட்டர் முறுக்கத்துக்கு இறுக்கச் சொல்வது வழக்கம். 20 சென்டிமீட்டர் நீளக் கைப்பிடியின் முனையில் 10 கிலோ அழுத்துவது போல. அந்த இறுக்கத்தில் ஒரு ஸ்க்ரூ தோராயமாக ஒரு டன் விசையோடு புஷ்ஷைத் தள்ளும். இரண்டும் சேர்ந்து இரண்டு டன். சரிவு 4 பாகைதான் என்பதால் ஆப்பு இதைப் பல மடங்காக்கும். காய்ந்த இரும்புக்கு இடையேயான உராய்வையும் கழித்துவிட்டால், ஷாஃப்டைச் சுற்றி நெருக்கும் விசை மொத்தம் பத்து டன் அளவுக்கு வரும். அதில் எட்டில் ஒரு பங்கு உராய்வாக மாறினாலே 1.3 டன். புஷ்ஷை மூடுவதற்கே செலவாகும் விசையைக் கழித்தாலும், தேவையான அரை டன்னைவிடத் தாராளமாக மிஞ்சுகிறது. இது கையெழுத்துக் கணக்குதான். தயாரிப்பாளர் தரும் அட்டவணையே இறுதி. ஆனால் விசை எங்கிருந்து வருகிறது என்பதை இது காட்டிவிடும்.

இதே கணக்கில் எண்ணெயைச் சேர்த்தால் விளைவு எதிர்பாராத விதமாக மாறுகிறது. சரிவுப் பரப்பில் எண்ணெய் தடவினால் உராய்வு ஏறத்தாழ பாதியாகும். அப்போது புஷ் இன்னும் லேசாக உள்ளே இறங்கும். நெருக்கும் விசை பத்து டன்னிலிருந்து பதினைந்து டன்னுக்கு ஏறும். வார்ப்பிரும்புப் புல்லி விரியும் பக்கம் பலவீனமானது, அது பிளந்துவிடக்கூடும். சரி, நெருக்கம் கூடியதே, பிடிப்பும் கூடியிருக்குமா என்றால் இல்லை. ஷாஃப்டின் மீதும் எண்ணெய் இருந்தால் உராய்வு அங்கேயும் பாதிதான், எனவே பிடிப்பு ஒரு டன்னுக்குக் கீழே விழுகிறது. உடையும் ஆபத்து அதிகம், பிடிப்பு குறைவு. துருப்பிடிக்காமல் இருக்கட்டும் என்று கிரீஸ் பூசி மாட்டும் பழக்கம் இங்கே நேர் எதிரான பலனையே தரும். ஸ்க்ரூவின் மரையில் மட்டும் ஒரு சொட்டு எண்ணெய் விடலாம்.

ஆகவே மாட்டும் வேலை சுத்தம் செய்வதில்தான் தொடங்குகிறது. ஷாஃப்ட், துளை, சரிவுப் பரப்பு மூன்றையும் கரைப்பான் நனைத்த துணியால் துடைத்துக் காயவிட வேண்டும். துளைகள் நேராக வரும்படி புஷ்ஷைப் புல்லிக்குள் வைத்து, ஸ்க்ரூக்களை விரலால் ஏற்றி, ஷாஃப்டில் ஏற்ற வேண்டும். பிறகு ஒன்றைச் சிறிது, அடுத்ததைச் சிறிது என்று மாறி மாறி இறுக்கிக்கொண்டே போக வேண்டும். ஒன்றை முழுதும் இறுக்கிவிட்டு மற்றதைத் தொட்டால் புஷ் கோணலாக உட்காரும். இடையில் புஷ்ஷின் பெரிய முனையில் ஒரு குழாய்த் துண்டை வைத்து லேசாகச் சுத்தியால் தட்டினால் ஸ்க்ரூ இன்னும் கொஞ்சம் ஏறும். மீண்டும் இறுக்க வேண்டும். தட்டியும் ஏறவில்லை என்றால் புஷ் உட்கார்ந்துவிட்டது. புஷ் ஷாஃப்டைப் பிடித்தபின் இறுக்கும்போது புல்லி சற்று நகரும். அதனால் இரண்டு புல்லிகளும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று நூல் பிடித்துப் பார்ப்பதை இறுக்கி முடித்தபின் மறுபடியும் செய்ய வேண்டும். காலியாக நிற்கும் கழற்றும் துளையில் தூசி சேராமல் கிரீஸ் நிரப்பலாம். எந்திரத்தைச் சுமையோடு சிறிது நேரம் ஓட்டி, நிறுத்தி, ஸ்க்ரூக்களை இன்னொரு முறை பார்ப்பது நல்லது.

ஸ்க்ரூவைத் தளர்த்தியதும் புல்லி கழன்று வந்துவிடாது. சரிவு உராய்வுக் கோணத்தைவிடச் சிறியது என்பதால் புஷ் தானே பூட்டிக்கொள்ளும். தளர்த்திய ஸ்க்ரூவைக் கழற்றும் துளையில் போட்டுத் திருகினால் ஒரு சத்தத்தோடு விடும்.

பெரும்பாலான புஷ்களில் கீ பள்ளமும் இருக்கும், மோட்டார் ஷாஃப்டிலும் இருக்கும். அடி விழும் சுமைக்கு, கல் உடைக்கும் எந்திரம் போன்றவற்றுக்கு, கீயும் சேர்த்தே போடுவார்கள். அப்போது கீயின் பக்கங்கள் பொருந்தி, மேல்புறம் இடைவெளியோடு இருக்க வேண்டும். மேலே முட்டினால் புஷ் மூட முடியாது; கீதான் புல்லியைத் தாங்கும், உராய்வு அல்ல.

வழுக்கத் தொடங்கினால் அறிகுறி தெரியும். ஷாஃப்டுக்கும் புஷ்ஷுக்கும் குறுக்கே பெயிண்டால் ஒரு கோடு போட்டுவைத்தால், கோடு உடைந்திருப்பதே சாட்சி. விளிம்பில் செம்பழுப்புத் தூள் வடிந்திருந்தால் பரப்புகள் நுணுக்கமாக உரசி அரிக்கின்றன என்று பொருள்.

சுருக்கிப் பொருத்துவதும் உராய்வுதான், ஆனால் ஆப்புக்குப் பதில் வெப்பம். கொல்லர் மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுவது இதே முறை. பட்டையைச் சக்கரத்தைவிடச் சற்றுச் சிறிதாக அடித்து, நெருப்பில் பழுக்கவைத்து, மாட்டியதும் தண்ணீர் ஊற்றுவார்கள். ஆரக்கால்கள் கிறீச்சிட்டு இறுகும். பல்சக்கரத்தில் ஒரே வேறுபாடு, அளவு மிக நுணுக்கமானது. ஷாஃப்டைவிடத் துளையைச் சிறிதாக விட ஒரு பொதுவான அளவு ஆயிரத்துக்கு ஒன்று: 100 மில்லிமீட்டர் ஷாஃப்டுக்கு 0.1 மில்லிமீட்டர். மாட்டும்போது தாராளமாக நுழைய இன்னொரு 0.1 வேண்டும். மொத்தம் 0.2 மில்லிமீட்டர் விரிய எஃகை அறை வெப்பத்தைவிட சுமார் 170 பாகை சூடாக்க வேண்டும், அதாவது ஏறத்தாழ 200 பாகை செல்சியஸ். எதிர்ப்பக்கத்திலிருந்தும் வரலாம்: ஷாஃப்டை திரவ நைட்ரஜனில் மூழ்கடித்தால் அதே 0.2 சுருங்கும்.

சூடாக்குவது சீராக இருக்க வேண்டும், அடுப்பிலோ எண்ணெய்த் தொட்டியிலோ. ஒரே இடத்தில் கேஸ் கட்டர் தீயைக் காட்டினால் துளை கோணும். பதம் கொடுத்த பற்கள் மென்மையாகிவிடலாம். பளபளத்த பரப்பு நீலம் பூத்தால் 300 பாகை தொட்டுவிட்டது என்று தெரியும். பாதி ஏறியதும் நின்றுவிடுவது இந்த வேலையின் பயங்கரம். தொட்டவுடன் சக்கரத்தின் சூடு ஷாஃப்டுக்குப் பாய்ந்து நொடிகளில் கவ்விக்கொள்ளும். பிறகு அசைக்க முடியாது. அதனால் நிறுத்தும் இடத்தை முன்பே தோளாலோ வளையத்தாலோ குறித்துவிட்டு, ஒரே தள்ளலில் இறக்குவார்கள். கழற்றுவது கடினம்; அடிக்கடி மாற்றும் பாகத்துக்கு இந்த வழி பொருந்தாது. சக்கரம் ஓட்டத்தில் ஷாஃப்டைவிட மிகச் சூடானாலும் பிடிப்பு தளரும்.

ஸ்ப்லைன் உராய்வை நம்புவதில்லை. ஷாஃப்டைச் சுற்றி ஒரே இடைவெளியில் பற்கள் வெட்டி, ஹப்பிலும் அதற்கேற்ற பள்ளங்கள் வெட்டிவிடுகிறார்கள். பல கீக்களை ஷாஃப்டிலேயே செதுக்கியது போல. டிராக்டரின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பி.டி.ஓ. ஷாஃப்டில் இதைப் பார்க்கலாம்: நிமிடத்துக்கு 540 சுற்றுக்கானது 6 பற்கள் கொண்டது, 1000 சுற்றுக்கானது 21 பற்கள் கொண்டது. பல் எண்ணிக்கை வேறுபடுவதால் தவறான வேகத்துக் கருவி மாட்டவே முடியாது. இறுகாமல் இருப்பதால் ஹப் நீளவாக்கில் நகரவும் முடிகிறது. கிளச்சுத் தட்டு கியர்பாக்ஸ் ஷாஃப்டின் மேல் முன்னும் பின்னும் சறுக்குவது இப்படித்தான்.

எல்லாப் பற்களும் சமமாகச் சுமப்பதில்லை என்பதே இதன் பலவீனம். வெட்டின் சிறு பிழையால் சில பற்கள் முதலில் முட்டி, மற்றவை காத்திருக்கும். அதனால் பாதிப் பற்களோ அதற்கும் குறைவோதான் வேலை செய்கின்றன என்று எடுத்துக்கொண்டே கணக்கிடுகிறார்கள். ஹப் ஓயாமல் நுணுக்கமாக ஆடுவதால் இங்கே கிரீஸ் கட்டாயம். அது காய்ந்த இடத்தில் அதே செம்பழுப்புத் தூள் வரும். பற்களின் பக்கங்களில் படி போன்ற தேய்மானம் உண்டாகும். எந்திரத்தை நிறுத்தி, ஷாஃப்டைப் பிடித்துக்கொண்டு ஹப்பைக் கையால் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தால் தளர்வு உணரப்படும். படி விழுந்த ஷாஃப்டில் புதிய ஹப்பை மட்டும் மாட்டினால் அது தேயாத உச்சியில் மட்டும் உட்கார்ந்து சீக்கிரம் தேயும். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.